பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல்: திருப்புதலுக்கு அணி வினாடி வினா நடத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அறிவியல் நான்காவது அலகு மின்னோட்டவியல். அதை நடத்தி முடித்த பிறகு ஒரு திருப்புதல் வினாடி வினா வைக்க நினைக்கும் ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகள் இவை. 36 பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை என்று வைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன். எண்ணிக்கை மாறினால் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஒரே பாடவேளையில் எத்தனை சுற்று, எத்தனை கேள்வி முடியும்?

நான்கு சுற்று, மொத்தம் 17 கேள்விகள். அதற்கு மேல் போனால் விடையை விளக்க நேரம் இருக்காது. விளக்கம் இல்லாவிட்டால் திருப்புதல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

முதல் சுற்றில் 8 கேள்விகள். எல்லாம் ஒரே சொல்லில் முடிகிறவை: மின்தடையின் அலகு என்ன, வீட்டில் விளக்குகள் எந்த இணைப்பில் இருக்கின்றன என்பது போல. கேள்வியைப் படிக்க, யோசிக்க, விடை காட்ட என்று ஒன்றுக்கு முக்கால் நிமிடம் வைத்தால் 6 நிமிடம். இரண்டாம் சுற்றில் காரணம் கேட்கும் 5 கேள்விகள், சுமார் 8 நிமிடம். மூன்றாம் சுற்றில் 3 கணக்குகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் போட, ஒரு நிமிடம் திருத்த, ஆக 9 நிமிடம். கடைசிச் சுற்றில் ஒரே ஒரு கேள்வி, விளக்கத்தோடு 7 நிமிடம். இது 30 நிமிடம். உட்கார வைக்க 5 நிமிடம் போகும். மீதி 5 நிமிடத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், எங்காவது கட்டாயம் செலவாகும்.

ஒரு அணிக்கு எத்தனை பேர்? ஆறு ஆறு பேராக ஆறு அணி போட்டால் எளிதாக இருக்குமே?

நடத்துபவருக்கு எளிது, உண்மைதான். ஆனால் ஆறு பேர் ஒரு தாளைச் சுற்றி உட்கார்ந்தால் இரண்டு பேருக்குத் தாளே தெரியாது. அவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான்கு பேர் என்றால் எதிரெதிர் பெஞ்சில் இருவர் இருவராக உட்காரலாம், எல்லார் கையும் தாளுக்கு எட்டும். 36 பேருக்கு 9 அணி.

ஒன்பது அணி அதிகம் என்று தோன்றுவதற்குக் காரணம், ஒவ்வொரு அணியிடமும் தனித்தனியாகக் கேட்கும் முறையை மனதில் வைத்திருப்பதுதான். எல்லாக் கேள்வியும் எல்லா அணிக்கும் என்று வைத்துவிட்டால் ஒன்பதும் சமாளிக்கக்கூடியதே. அதைக் கீழே சொல்கிறேன்.

அணியை எப்படிப் பிரிப்பது? பிள்ளைகளையே பிரித்துக்கொள்ளச் சொன்னால் நன்றாகப் படிக்கிறவர்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறார்கள்.

கடைசித் தேர்வின் அறிவியல் மதிப்பெண்ணை எடுத்து 1 முதல் 36 வரை வரிசைப்படுத்துங்கள். முதல் ஒன்பது பேரை 1-ஆம் அணியிலிருந்து 9-ஆம் அணி வரை வரிசையாகப் போடுங்கள். அடுத்த ஒன்பது பேரைத் திருப்பி, 9-ஆம் அணியிலிருந்து 1-ஆம் அணி நோக்கிப் போடுங்கள். மூன்றாவது ஒன்பது மறுபடி முன்னே, நான்காவது மறுபடி பின்னே. பாம்பு நெளிவதைப் போல வளைந்து வளைந்து போகும்.

இதில் 1-ஆம் அணிக்கு 1, 18, 19, 36 என்ற இடத்தில் உள்ளவர்கள் வருவார்கள். 9-ஆம் அணிக்கு 9, 10, 27, 28. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 74 தான். நடுவில் எந்த அணியை எடுத்தாலும் 74 வரும். சீட்டுக் குலுக்கிப் போட்டால் இந்தச் சமநிலை கிடைக்காது. ஒன்பது அணியில் ஏதாவது ஒன்று நோஞ்சானாக அமைந்துவிடும்.

இந்த வரிசை உங்கள் நோட்டோடு நிற்கட்டும். பெயர்ப் பட்டியலை ஒட்டும்போது ஒவ்வொரு அணிக்குள்ளும் அகர வரிசையில் எழுதுங்கள். மதிப்பெண் வரிசையிலேயே எழுதினால், நான்காவதாகப் பெயர் வந்த பிள்ளைக்கு அது ஏன் என்று உடனே புரிந்துவிடும்.

ஒருவர் வராமல் போய் ஓர் அணி மூன்று பேரானால் புள்ளியில் சலுகை எதுவும் வேண்டாம். அந்த அணியில் ஒருவர் இரண்டு எண்ணை வைத்துக்கொள்ளட்டும் (எண் எதற்கு என்பது பின்னால் வருகிறது).

எந்தக் கேள்வி எளிது, எது கடினம் என்று எப்படி முடிவு செய்வது? எனக்கு எளிதாகத் தெரிவது அவர்களுக்குத் தெரிவதில்லை.

ஆசிரியரின் கணிப்பை நம்ப வேண்டாம் என்பதுதான் முதல் விதி. பல வருடம் நடத்தியவருக்கு ஓம் விதி எளிதுதான்.

அலகுத் தேர்வுத் தாள்கள் கையில் இருந்தால் அவற்றை எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் 36 பேரில் எத்தனை பேர் சரி என்று எண்ணுங்கள். 27 பேருக்கு மேல் சரியாக எழுதியிருந்தால் அது முதல் சுற்றுக் கேள்வி. பாதிப் பேர் அளவுக்குச் சரி என்றால் இரண்டாம் சுற்று. பத்துப் பேர் பக்கம் நின்றால் மூன்றாம் சுற்று. அதே கேள்வியை அப்படியே போடாமல், எண்ணையோ சூழலையோ மாற்றிப் போடுங்கள். கடினம் பெரிதாக மாறாது.

தேர்வுத் தாள் இல்லையா? படிகளை எண்ணுங்கள். நினைவிலிருந்து எடுத்தால் போதும் என்பது ஒரு படி. நினைவிலிருந்து எடுத்து ஒரு சூழலுக்குப் பொருத்த வேண்டும் என்றால் இரண்டு. ஒன்றைக் கண்டுபிடித்து, அதைக் கொண்டு இன்னொன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் மூன்று. ஒரே கருத்து படிப்படியாக ஏறுவதை இப்படிப் பார்க்கலாம்:

மின்தடை எதையெல்லாம் பொறுத்தது? நீளம், குறுக்குவெட்டுப் பரப்பு, பொருளின் தன்மை. இது முதல் சுற்று. அதே பொருளில், அதே தடிமனில் கம்பியின் நீளத்தை இரு மடங்காக எடுத்தால் மின்தடை என்ன ஆகும், ஏன்? இரு மடங்கு. இது இரண்டாம் சுற்று. ஒரு கம்பியை இழுத்து நீட்டி இரு மடங்கு நீளமாக்கினால்? இப்போது கம்பி மெலிந்தும் போகிறது. கனஅளவு மாறாததால் பரப்பு பாதியாகும், ஆகவே மின்தடை நான்கு மடங்கு. இது மூன்றாம் சுற்று. ‘நீட்டினால்’ என்ற ஒரு சொல் வந்ததும் கேள்வி எங்கே போய்விட்டது பாருங்கள்.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பாடப்புத்தகத்தின் ஓரத்தில், பெட்டிச் செய்தியில் இருக்கும் ஒரு துணுக்கைத் தேடிப் பிடித்துக் கேட்பது கடினமான கேள்வி ஆகாது, மறைந்து கிடந்த கேள்விதான். அதற்கு விடை சொல்கிற பிள்ளை அந்தப் பெட்டியைப் படித்திருக்கிறது, அவ்வளவே. சொல்லாத பிள்ளையிடமிருந்து உங்களுக்கு எந்தத் தகவலும் கிடைக்காது.

பஸ்ஸர் வைத்து, யார் முதலில் அமுக்குகிறார்களோ அவர்கள் சொல்லலாம் என்று வைக்கக் கூடாதா? பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கிறது.

பிடிக்கும்தான். ஆனால் 36 பேரில் மூன்று நான்கு பேர் அமுக்குவார்கள், மற்றவர்கள் பார்ப்பார்கள். முதல் ஆள் விடை சொல்லிவிட்டால் மீதி எட்டு அணியும் யோசிப்பதை நிறுத்திவிடும். திருப்புதலில் நமக்கு வேண்டியது ஒவ்வொரு மண்டையும் அந்த விடையைத் தேடிப் பிடிப்பது. படித்ததை மறுபடி வாசிப்பதை விட நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது நீண்ட நாள் நிற்கும் என்பதை ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் காட்டினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்களே முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நினைவுபடுத்திப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். அடுத்தவர் எடுத்துச் சொன்னதைக் கேட்டால் இந்தப் பயன் கிடைக்காது.

அதனால் எல்லா அணியும் எல்லாக் கேள்விக்கும் எழுத வேண்டும். ஓர் ஏ4 வெள்ளைத் தாளை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஒயிட்போர்டு மார்க்கரையும் ஒரு துணித் துண்டையும் கொடுத்தால் அதுவே சிலேட்டு. எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். நீங்கள் ‘காட்டு’ என்றதும் ஒன்பது சிலேட்டும் ஒன்றாக உயர வேண்டும். தாமதமாக உயரும் சிலேட்டு கணக்கில் வராது. பக்கத்து அணியைப் பார்த்து எழுதுவதற்கு இதை விட நல்ல தடுப்பு இல்லை.

ஒவ்வொரு அணியிடமும் கேட்டு, தெரியாவிட்டால் அடுத்த அணிக்கு ‘பாஸ்’ செய்யும் பழைய முறையில் என்ன குறை?

உட்காரும் இடம் புள்ளி தருகிறது. இடக்கைப் பக்கம் பலவீனமான அணி உட்கார்ந்திருந்தால், அவர்கள் விட்ட கேள்வி எல்லாம் உங்களிடம்தான் முதலில் வரும். பலமான அணிக்கு அடுத்து உட்கார்ந்தவர்களுக்கு ஒன்றும் வராது. இருவரும் ஒரே அளவு படித்தவர்களாக இருக்கலாம், கடைசியில் பத்துப் புள்ளி வித்தியாசம் வந்துவிடும். போதாததற்கு ஒவ்வொரு அணிக்கும் வேறு வேறு கேள்வி. ‘எங்களுக்கு மட்டும் கஷ்டமான கேள்வி சார்’ என்ற புகாருக்கு உங்களிடம் பதில் இருக்காது.

ஆண்டு விழாவில் மேடை வைத்து நடத்தும்போது பாஸ் முறை தவிர்க்க முடியாமல் போகலாம். அப்போது வினாடி வினா மன்றங்களில் வழக்கமாக இருக்கும் ‘இன்ஃபினிட் பவுன்ஸ்’ முறையை எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி சுற்றி வந்து எந்த அணி விடை சொன்னதோ, அதற்கு அடுத்த அணியிடமிருந்து அடுத்த கேள்வி தொடங்கும். உதாரணமாக 2-ஆம் அணியிடம் தொடங்கிய கேள்விக்கு 5-ஆம் அணி விடை சொன்னால், அடுத்த கேள்வி 6-ஆம் அணிக்கு. யாருமே சொல்லவில்லை என்றால் மறுபடி 2-ஆம் அணிக்கே. அடுத்தவர் விட்ட கேள்வியைப் பிடித்த அணி உடனே மற்றொரு நேரடிக் கேள்வியைப் பெற முடியாது, அதுதான் இதில் உள்ள நியாயம். பாதிக் கேள்வி முடிந்ததும் சுற்றும் திசையை மாற்றுங்கள். இதில் கூட இடத்தின் அதிர்ஷ்டம் குறையுமே தவிர முற்றிலும் போகாது. வகுப்பறைக்குச் சிலேட்டுதான் சரி.

சுற்றுக்குச் சுற்று புள்ளி எவ்வளவு ஏற்றலாம்? 5, 10, 20, கடைசியில் 50 என்று வைத்தால் விறுவிறுப்பாக இருக்குமே?

விறுவிறுப்பாக இருக்கும், ஆனால் முதல் மூன்று சுற்றுக்கு அர்த்தம் குறைந்துவிடும்.

நான் சொல்வது 1, 2, 4, 7. பிள்ளைகளுக்குப் பழகிய எண்கள் இவை. பத்தாம் வகுப்பு அறிவியல் பொதுத்தேர்வு வினாத்தாளில் ஒரு மதிப்பெண், இரண்டு, நான்கு, ஏழு என்றுதான் பகுதிகள் இருந்து வருகின்றன. முதல் சுற்றில் 8 கேள்வி, ஒவ்வொன்றும் 1 என்றால் 8 புள்ளி. இரண்டாவதில் 5 கேள்விக்கு 10. மூன்றாவதில் 3 கேள்விக்கு 12. கடைசிக் கேள்விக்கு 7. மொத்தம் 37. கேள்வியின் மதிப்பு ஏறுகிறது, ஆனால் எண்ணிக்கை குறைவதால் சுற்றின் மதிப்பு தடாலென்று ஏறுவதில்லை. இதுதான் கவனிக்க வேண்டிய இடம்.

மூன்று சுற்று முடிவில் முதல் அணி 24, இரண்டாவது 21, மூன்றாவது 19, கடைசி அணி 12 என்று நிற்பதாக வைத்துக்கொள்வோம். கடைசிக் கேள்வியில் முழுதாக 7 வாங்கினால் மூன்றாவது அணி 26-க்குப் போகும். முதல் அணி அந்தக் கேள்வியில் ஒன்று மட்டும் வாங்கினால் 25-இல் நின்று தோற்கும். ஆக முதலிடம் இன்னும் முடிவாகவில்லை, ஆட்டம் உயிரோடு இருக்கிறது. கடைசி அணி 19-க்கு வரலாம், கோப்பைக்கு வர முடியாது. அதுவும் சரிதானே, 30 புள்ளியில் 12 வாங்கிய அணி அது.

இப்போது 5, 10, 20, 50-ஐப் பாருங்கள். முதல் மூன்று எண்களும் நம்முடையதைப் போல ஐந்து மடங்கு. எனவே அதே அணிகள் 120, 105, 95, 60-இல் நிற்கும். கடைசிக் கேள்விக்கு 50. கடைசி அணி அதைச் சொல்லிவிட்டால் 110. அந்தக் கேள்வியில் சறுக்கிய இரண்டாவது அணியை ஒரே தாவலில் தாண்டிவிடும். 30 நிமிடம் உழைத்து இரண்டாவதாக நின்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போய் என்ன நினைப்பார்கள்? அடுத்த முறை முதல் சுற்றுக்கு யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

கணக்குக் கேள்வியில் பாதி சரியாகப் போட்டால் புள்ளி கொடுக்கலாமா? கொடுத்தால் சண்டை வருகிறது.

கொடுக்க வேண்டும். எந்த வரிக்கு எவ்வளவு என்று முதலிலேயே எழுதி வைக்காததால்தான் சண்டை வருகிறது.

ஒரு கேள்வியை முழுதாகப் பார்ப்போம். 4 ஓம், 12 ஓம் மின்தடைகள் பக்க இணைப்பில் 6 வோல்ட் மின்கலத்தோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. சுற்றில் மொத்த மின்னோட்டம் எவ்வளவு? நான்கு புள்ளியை இப்படிப் பிரிக்கலாம்:

```
1/R = 1/4 + 1/12 = 1/3    1 புள்ளி
R = 3 Ω                   1 புள்ளி
I = V/R                   1 புள்ளி
I = 6/3 = 2 A             1 புள்ளி
```

இந்தக் கணக்கில் வழக்கமாக வரும் தவறு ஒன்று உண்டு. 1/R = 1/3 வரை சரியாக வந்துவிட்டு, அதைத் திருப்பிப் போட மறந்து R = 1/3 என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் 6-ஐ 1/3-ஆல் வகுத்து 18 ஆம்பியர் என்று பெரிய எழுத்தில் கட்டம் போட்டுக் காட்டுவார்கள். அந்த அணிக்கு முதல் வரிக்கு ஒன்று, ஓம் விதியை எழுதியதற்கு ஒன்று, ஆக 2. தொடரிணைப்பு என்று நினைத்து 16 ஓம் போட்டு 0.375 ஆம்பியர் கொண்டு வந்த அணிக்கு ஓம் விதிக்கு மட்டும் 1. இரண்டு அணியின் விடையும் தவறுதான், ஆனால் ஒன்று வாசல் வரை வந்திருக்கிறது, மற்றது வேறு தெருவில் நிற்கிறது. எல்லாருக்கும் சைபர் போட்டால் அந்த வித்தியாசம் மறைந்துவிடும், எதை மறுபடி நடத்த வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

திருத்துவதற்கு இந்தச் சுற்றில் மட்டும் சிலேட்டை அடுத்த அணியிடம் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் கரும்பலகையில் ஒவ்வொரு வரியாகப் போட, அவர்கள் புள்ளி போடுவார்கள். சந்தேகம் உள்ள சிலேட்டை மட்டும் நீங்கள் பாருங்கள்.

தவறான விடைக்கு நெகட்டிவ் மார்க் வைக்கலாமா?

வேண்டாம். பொதுத்தேர்வில் இல்லாத ஒன்றைத் திருப்புதலில் பழக்க வேண்டியதில்லை. தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் பிள்ளை வாயைத் திறக்காது, அணித் தலைவன் மற்றவர்களை அடக்குவான்.

ஊகித்து எழுதுவதைத் தடுக்கத்தான் நெகட்டிவ் என்றால், கேள்வியை மாற்றுங்கள். நான்கு விடைகளைக் கொடுத்துத் தேர்வு செய்யச் சொன்னால், ஒன்றும் தெரியாத அணி கூட சராசரியாக 8-இல் 2 வாங்கிவிடும். விடைகளைக் கொடுக்காமல் எழுதச் சொன்னால் அந்த இரண்டும் கிடைக்காது. ‘கூடுமா குறையுமா’ என்ற கேள்வியில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டே சரியாகச் சொல்வார்கள். அங்கே புள்ளியைக் காரணத்துக்குக் கொடுங்கள், விடைக்குக் கொடுக்காதீர்கள்.

எல்லா அணியிலும் ஒரே ஆள்தான் விடை எழுதுகிறான். மற்ற மூன்று பேரை எப்படி இழுப்பது?

ஒவ்வோர் அணியிலும் பிள்ளைகளுக்கு 1 முதல் 4 வரை எண் கொடுங்கள். இரண்டாம் சுற்றில் கேள்வியைப் படித்ததும் 45 நொடி கூடிப் பேசட்டும். நேரம் முடிந்ததும் பேச்சு நிற்க வேண்டும். அப்புறம் நான்கு சீட்டிலிருந்து ஒன்றை எடுங்கள். 3 என்று வந்தால், ஒன்பது அணியிலும் 3-ஆம் எண் பிள்ளைதான் மார்க்கரை எடுத்து விடையையும் காரணத்தையும் எழுத வேண்டும். மற்றவர்கள் கை கட்டிக்கொள்ளட்டும். விடைக்கு ஒரு புள்ளி, காரணத்துக்கு ஒரு புள்ளி.

யார் எழுதப்போகிறார்கள் என்று யாருக்கும் தெரியாததால், நன்றாகத் தெரிந்த பிள்ளை மற்ற மூவருக்கும் சொல்லிக்கொடுத்தே தீர வேண்டும். ‘மூன்று பல்பு தொடரிணைப்பில் இருக்கிறது, ஒன்று பியூஸ் போனால் மற்றவை என்ன ஆகும்?’ என்ற கேள்விக்கு அந்த 45 நொடியில் நடக்கும் பேச்சைக் கேட்டுக்கொண்டே நடங்கள். ‘சுத்து அறுந்துரும்டா, கரண்ட் போக வேற வழி இல்ல’ என்று ஒரு பிள்ளை அடுத்ததற்குச் சொல்வது நீங்கள் நடத்திய பாடத்தை விடச் சுருக்கமாக இருக்கும். எடுத்த சீட்டை மறுபடி உள்ளே போட்டுவிடுங்கள். வெளியே வைத்துவிட்டால், ஒருமுறை எழுதியவர் இனி நமக்கு வேலை இல்லை என்று சாய்ந்துகொள்வார். இந்தச் சீட்டு இரண்டாம் சுற்றுக்கு மட்டும் போதும். கணக்குச் சுற்றில் அணியே கூடிப் போடட்டும்.

கடைசிக் கேள்வி எப்படி இருக்க வேண்டும்?

பெரும்பாலானவர்களுக்குச் சட்டென்று ஒரு விடை தோன்ற வேண்டும், அது தவறாக இருக்க வேண்டும், ஆனால் பாடத்தில் இருப்பதை வைத்தே சரியானதைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும்.

இந்த அலகுக்கு ஒன்று: 220 வோல்ட்டில் இயங்கும் 100 வாட் பல்பு ஒன்று, 60 வாட் பல்பு ஒன்று. இரண்டும் குண்டு பல்பு. இரண்டையும் தொடரிணைப்பில் 220 வோல்ட்டில் இணைத்தால் எது பிரகாசமாக எரியும்? ஏன்?

வகுப்பே 100 வாட் என்று கத்தும். மின்தடையைக் கணக்கிட்டால் 220-இன் வர்க்கம் 48,400. அதை 100-ஆல் வகுத்தால் 484 ஓம், 60-ஆல் வகுத்தால் சுமார் 807 ஓம். தொடரிணைப்பில் இரண்டிலும் ஒரே மின்னோட்டம். வெளியாகும் திறன் மின்னோட்டத்தின் வர்க்கம் பெருக்கல் மின்தடை என்பதால், மின்தடை அதிகமுள்ள 60 வாட் பல்புதான் பிரகாசமாக எரியும். சூடேறும்போது இழையின் மின்தடை மாறும் என்று யாராவது கேட்டால் பாராட்டிவிட்டு, இங்கே மாறவில்லை என்று எடுத்துக்கொள்கிறோம் எனச் சொல்லுங்கள். மாறினாலும் விடை 60 வாட்தான்.

புள்ளி: 60 வாட் என்ற விடைக்கு 1. இரண்டு மின்தடைக்கும் இரண்டிரண்டு, ஆக 4. ஒரே மின்னோட்டம் என்றதற்கு 1. திறனை ஒப்பிட்டதற்கு 1. மொத்தம் 7. குருட்டாம்போக்கில் 60 என்று எழுதிய அணிக்கு ஒன்றுதான் கிடைக்கும். 100 என்று எழுதினாலும் மின்தடையைச் சரியாகப் போட்ட அணி 4 வாங்கும்.

விடையில் தகராறு வந்தால்? அலகு எழுதவில்லை, எழுத்துப்பிழை, ‘வோல்ட்டேஜ்’ என்று எழுதிவிட்டார்கள்...

ஏற்கும் விடைகள் எல்லாவற்றையும் விடைத்தாளில் முன்கூட்டியே எழுதி வைத்து, தொடங்கும் முன் விதியைச் சொல்லிவிடுங்கள். மின்னழுத்த வேறுபாடு என்பதற்கு வோல்ட்டேஜ் என்று எழுதினால் சரி. எழுத்துப்பிழை சரி. கணக்கில் கடைசி வரிக்கு அலகு இல்லாவிட்டால் அந்த வரியின் புள்ளி இல்லை.

ஒவ்வோர் அணிக்கும் ஒரு முறையீடு. பாடப்புத்தகத்தில் பக்கத்தைக் காட்டித்தான் முறையிட வேண்டும், வெறும் வாய்ச்சண்டை எடுபடாது. கேள்வியே பிழை என்று தெரிந்தால் அந்தக் கேள்வியை எல்லாருக்கும் ரத்து செய்துவிடுங்கள். எல்லாருக்கும் முழுப்புள்ளி கொடுத்தாலும் இடம் மாறப்போவதில்லை, ஆனால் ரத்து செய்தால் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இரண்டு அணி சமமாக வந்தால்?

மூன்றாம் சுற்றில் யாருக்கு அதிகமோ அவர்கள் முன்னே. அதுவும் சமம் என்றால் இரண்டாம் சுற்று. அப்போதும் சமம் என்றால் இருவரும் முதலிடம், இன்னொரு கேள்விக்கு மணி அடிக்கும் வரை நேரம் இருக்காது.

தோற்றுக்கொண்டே இருக்கும் அணி பாதியில் சோர்ந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

புள்ளிப் பலகையை ஒவ்வொரு கேள்விக்கும் மாற்றாதீர்கள். இரண்டாம் சுற்று முடிந்ததும் ஒருமுறை, மூன்றாவது முடிந்ததும் ஒருமுறை எழுதினால் போதும்.

அதோடு பரிசை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று மொத்தப் புள்ளிக்கு. மற்றது, போன அலகின் வினாடி வினாவில் வாங்கியதை விட எவ்வளவு கூட வாங்கினார்கள் என்பதற்கு. அணி மாறியிருந்தால் நான்கு பேரின் பழைய அணிப் புள்ளிகளின் சராசரியை எடுத்துக்கொள்ளலாம். ஒத்த நிலையில் உள்ளவர்களோடு மட்டும் மோதவிட்டு, அந்தப் புள்ளியை அணிக்குக் கொண்டுவரும் முறையும் உண்டு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டிவ்ரீஸ், எட்வர்ட்ஸ் இருவரும் 1970-களில் அமைத்த அணிப் போட்டி அப்படித்தான். அங்கே ஒவ்வோர் அணியிலிருந்தும் ஒருவர், தன்னை ஒத்தவர்கள் இருக்கும் மேசைக்குப் போய் ஆடுவார். நல்ல முறைதான், ஆனால் மேசை மாறி உட்காரவே பத்து நிமிடம் போகும். பாடவேளை இரண்டு சேர்ந்து வரும் நாளில் முயன்று பாருங்கள்.

சுற்றுகள் உண்மையிலேயே ஏறு வரிசையில் இருந்தனவா என்று பிறகு எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு பிள்ளையைக் கொண்டு ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்பதில் எத்தனை அணி சரி என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள். முதல் சுற்றில் ஏழுக்கு மேல், இரண்டாவதில் நான்கைந்து, மூன்றாவதில் இரண்டு மூன்று அணிகள் முழுதாகச் சரி என்று இறங்கி வந்தால் வரிசை சரி. நான்கு பேர் கூடி யோசிப்பதால், தனித்தேர்வில் வந்ததை விட எண்ணிக்கை சற்று உயர்ந்தே இருக்கும்.

முதல் சுற்றில் ஒரு கேள்விக்கு மூன்று அணிதான் சரி என்றால் இரண்டில் ஒன்று: அந்தக் கருத்து போய்ச் சேரவில்லை, அல்லது கேள்வியின் வாக்கியம் குழப்பம். எது என்று சிலேட்டுகளே சொல்லிவிடும். எல்லா அணியும் ஒரே தவறான விடையை எழுதியிருந்தால் கருத்துப் பிழை, மறுநாள் அதை மறுபடி நடத்துங்கள். ஆளுக்கொரு விடை எழுதியிருந்தால் கேள்வியைத்தான் திருத்த வேண்டும்.

ஒரு வாரம் கழித்து இதே கேள்விகளில் ஐந்தை எண் மாற்றித் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள், ஐந்து நிமிடத் தேர்வு. அணியாக ஒன்பதுக்கு எட்டுச் சரியான கேள்வியில், தனியாக 36-க்கு 15 தான் சரி என்று வந்தால், அன்று ஒருவர் சொல்ல மூவர் எழுதியிருக்கிறார்கள். அடுத்த வினாடி வினாவில் எண் சீட்டை முதல் சுற்றிலிருந்தே எடுங்கள்.